இடது கைக்கு யூரியா, வலது கைக்கு லாக்டிக் அமிலம்

என் மேற்கையின் வெளிப்புறத்தைத் தடவினால் உப்புத்தாளைத் தடவியது போல இருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்தே அப்படித்தான். அம்மாவுக்கும் இருந்தது, சித்திக்கும் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்களின் ரவிக்கைகள் எல்லாம் முழங்கை வரை நீண்டதற்கு அதுதான் காரணம் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. தோல் மருத்துவர் ஒரு பார்வையிலேயே பெயரைச் சொல்லிவிட்டார்: கெரட்டோசிஸ் பைலாரிஸ். "நோயென்று நினைக்க வேண்டாம். குடும்ப வாகு. முழுதாகப் போகாது, அடங்கும்" என்றார்.

என்ன நடக்கிறது என்பதை ஒருநாள் அசட்டுத்தனமாக நகத்தால் கிள்ளிப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஒரு மேட்டிலிருந்து ரவைக் குருணை அளவில் வெண்மையாக ஏதோ கழன்று வந்தது. அதற்குள் மெல்லிய மயிர் ஒன்று கடிகாரச் சுருள் போலச் சுருண்டு கிடந்தது. தோலின் மேற்புறத்தை ஆக்கும் கெரட்டின் என்ற புரதம் மயிர்க்காலின் வாயில் அளவுக்கு மீறிச் சேர்ந்து, அடைப்பான் போல் இறுகிவிடுகிறது. வெளியே வர வேண்டிய மயிர் உள்ளேயே சுருண்டுகொள்கிறது. கிள்ளிய இடத்தில் விழுந்த பழுப்புப் புள்ளி மறைய ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. நம் நிறத் தோலில் மேட்டைவிட அந்தப் புள்ளிதான் பிடிவாதக்காரன்.

பீர்க்கங்காய் நார், நலங்கு மாவு, கடையில் விற்கும் ஸ்கிரப் ஆகியவற்றை ஒரே வரியில் தள்ளிவிடுகிறேன். தேய்த்த அன்று வழவழப்பாக இருக்கும். தோல் சிவந்து, பிறகு கருக்கும். அடைப்பு மயிர்க்காலின் வாய்க்குள் இருக்கிறது, மேலே தேய்ப்பதால் அது வராது. தடவித் தளர்த்தத்தான் முடியும். அதற்கு மருந்துக் கடையில் எளிதாகக் கிடைப்பவை யூரியாவும் லாக்டிக் அமிலமும்.

யூரியா என்றதும் அம்மா, "வயலுக்குப் போடுவதையா கையில் பூசுகிறாய்?" என்று கேட்டார். மூலக்கூறு அதேதான். ஆனால் உர மூட்டையில் இருப்பது தோலுக்கானதல்ல. லாக்டிக் அமிலம் என்றதும், "அதற்குத் தயிரே போதுமே" என்றார். தயிரில் அந்த அமிலம் சுமார் ஒரு சதவீதம்தான். லோஷனில் பத்து, பன்னிரண்டு சதவீதம். குளிக்கும் முன் கால் மணி நேரம் தயிர் பூசுவதால் கை குளிரும், அவ்வளவே.

இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. இறந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பிடியை லாக்டிக் அமிலம் தளர்த்துகிறது; அவை உதிர்கின்றன. யூரியா முதலில் தண்ணீரை இழுத்துத் தோலில் நிறுத்துகிறது. அளவு கூடினால் கெரட்டின் இழைகளுக்கு இடையிலான பிணைப்பையே நெகிழ்த்தி அடைப்பை ஊறவைக்கிறது. இட்லிக்கு ஊறப் போட்ட உளுந்து மெத்தென்று ஆவது போல. பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஈரப்பதம் தருவதோடு நின்றுவிடும், இருபதை நெருங்கினால் நன்றாக இளக்கும். நாற்பது சதவீதம் தடித்த நகத்துக்கும் பாத ஆணிக்கும் உரியது, கைக்கு வேண்டாம்.

மருத்துவர் "இரண்டில் எதையும் பயன்படுத்தலாம்" என்று சொன்னதால், தை மாத நடுவில் இடது கைக்கு இருபது சதவீத யூரியா கிரீமும் வலது கைக்குப் பன்னிரண்டு சதவீத லாக்டிக் அமில லோஷனும் என்று பிரித்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் தை, மாசி மாதங்களில் காற்று வறண்டிருக்கும். சொரசொரப்பு உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வெயில் ஏறி வியர்க்கத் தொடங்கினால் அது தானாகவே கொஞ்சம் குறையும். ஒரே ஒரு கிரீமைத் தை மாதத்தில் தொடங்கிப் பங்குனியில் மெச்சிக்கொள்பவர்கள் பருவத்துக்குத்தான் பாதி நன்றி சொல்ல வேண்டும். ஒரே உடம்பின் இரண்டு கைகள் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு குறை உண்டு: ஒன்று கிரீம், மற்றது லோஷன். கிரீமின் எண்ணெய்ப்பசையும் இடது கைக்குக் கொஞ்சம் உதவியிருக்கும்.

முதலில் முந்தியது வலது கை. பத்தாம் நாளே தடவும்போது வித்தியாசம் தெரிந்தது. இடது கையில் மூன்று வாரம் வரை ஈரப்பசை தவிர வேறு மாற்றம் இல்லை. ஐந்தாம் வாரத்தில் மேடுகள் தாழ்ந்தன. எட்டாம் வாரம் என் தங்கையிடம் கண்ணை மூடிக்கொண்டு என் கைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். எந்தக் கை எது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

இதோடு நின்றிருந்தால், "வேகம் வேண்டுமா, லாக்டிக் அமிலம்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பங்குனியில் உறவினர் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது கிரீம், லோஷன் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்து சோம்பலில் இன்னும் சில நாள் கழிந்தன. நான்காம் வாரம் ரவிக்கையின் உள்தையல் நூல் கையில் மாட்டி இழுத்தது. தடவிப் பார்த்தால் இரண்டு கைகளிலும் பழையபடி உப்புத்தாள். மயிர்க்கால் கெரட்டினை மிகையாக ஆக்கும் இயல்பை எந்தக் கிரீமும் மாற்றுவதில்லை. சேர்ந்ததை அகற்றுகிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் மறுபடி சேரும். ஆகவே எட்டு வாரத்தில் எது வென்றது என்பதைவிட, எதை வருடக்கணக்கில் சலிக்காமல் தடவ முடியும் என்று பார்ப்பதே சரி. அப்படிப் பார்த்தால் என் ஓட்டு யூரியாவுக்கு.

நாட்காட்டியில் தடவிய நாட்களைக் கோடு போட்டு வைத்திருந்தேன். ஐம்பத்தாறு நாட்களில் யூரியா தவறியது ஐந்து நாள், லாக்டிக் அமிலம் தவறியது பதினான்கு. சோம்பல் இரண்டுக்கும் பொது. மிச்ச நாட்களுக்குக் காரணம் வேறு. கையில் வேக்சிங் செய்தால் இரண்டு மூன்று நாள் லோஷனைத் தொட முடியாது, எலுமிச்சை பிழிந்தது போல் எரியும். கொசு கடித்துச் சொறிந்த இடத்திலும் அப்படித்தான். ஒருமுறை பொறுத்துக்கொள்வோம் என்று தடவியதில், மறுநாள் அந்த இடம் சிவந்து, வாரம் கழித்துக் கருத்தது. யூரியாவும் கீறலில் சுருக்கென்று குத்தும்; இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சில நிமிடத்தில் அடங்கியது.

அடுத்தது வெயில். லாக்டிக் அமிலம் தடவும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு வாரம் வரையிலும் தோல் வெயிலில் எளிதாகச் சிவக்கும், கருக்கும். நான் அரைக்கை உடையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். வலது கைக்கு இரவில் லோஷன், காலையில் சன்ஸ்கிரீன், வியர்த்தால் மறுபடியும் சன்ஸ்கிரீன் என்று ஒரு வேலை இரண்டு மூன்றாகிவிட்டது. இடது கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குளித்துத் துவட்டிய ஈரத்தோடு காலையிலும் தடவலாம், இரவிலும் தடவலாம். ஒரு வேளை விட்டால் அடுத்த வேளை இருக்கிறது.

அளவில் நானே ஏமாந்த கதையும் உண்டு. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை கிரீமைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். மேற்கையின் வெளிப்புறம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு ஒரு கிராம், அதாவது நாளுக்கு ஒரு வேளை தடவினாலே முப்பது கிராம் டியூப் ஒரு மாதத்தில் தீர வேண்டும். முன்பு ஒரு டியூபை மூன்று மாதம் ஓட்டிவிட்டு "யூரியா பலிக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒரு பங்கு பூசினால் எப்படிப் பலிக்கும்? பழைய டியூபை மூடி திறந்ததும் அம்மோனியா வாடை அடித்தால் யூரியா சிதைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெயிலில் நிற்கும் காரிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காமல் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு.

லாக்டிக் அமிலத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். வருடம் முழுவதும் முழுக்கை அணிபவர், வேக்சிங் செய்யாதவர், தோல் எளிதில் எரியாதவர் என்றால் அதுவே விரைவான வழி. பழுப்புப் புள்ளிகளும் என் வலது கையில் கொஞ்சம் முன்னதாக வெளிறியதாகத் தோன்றியது. தோன்றியது என்றுதான் எழுதுகிறேன். புகைப்படங்களை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்துத் தொலைத்தேன். வியர்வை நாட்களில் லோஷன் பிசுபிசுப்பதும் குறைவு. இருபது சதவீத யூரியா கிரீமைத் தடவிக்கொண்டு சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாத அறையில் உட்கார முடியாது. கோடையில் நான் பத்து சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறேன். இரவில் ஒரு வேளை மட்டும்.

இரண்டும் கலந்த டியூப்களே கடைகளில் அதிகம்: பன்னிரண்டு சதவீதம் யூரியா, ஆறு சதவீதம் லாக்டிக் அமிலம் என்ற கணக்கில். வாங்கும்போது பெயரைவிடப் பின்பக்கத்துச் சதவீதத்தைப் பாருங்கள். கலவையை நான் ஒரு டியூப் முடிய மட்டும் பார்த்தேன். எரிச்சல் லோஷனைவிடக் குறைவு. ஆனால் அமிலம் இருப்பதால் வெயில் கட்டுப்பாடு அதற்கும் உண்டு. தொடைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் தொடர்ந்ததில்லை. கன்னத்தில் வருபவர்களும், குழந்தைகளுக்குப் பூச நினைப்பவர்களும் என் கைக்கணக்கை நம்பாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மேடுகள் வலித்தாலோ சீழ் கோத்தாலோ அது மயிர்க்கால் தொற்றாக இருக்கலாம், இந்தக் கிரீம்களுக்கு அங்கே வேலை இல்லை. முழங்கை, முழங்காலில் பெரிதாக முள் முள்ளாக எழுந்தால் சத்துக் குறைவால் வரும் தவளைத்தோலா என்றும் பார்க்கச் சொல்வார்கள்.

வலது கை லோஷனில் கால் பாட்டில் மிச்சம் இருந்தது. அம்மா தன் குதிகாலுக்கு எடுத்துக்கொண்டார். இப்போது என் இரண்டு கைகளுக்கும் ஒரே டியூப். பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.