துண்டுக் குறிப்பா, முழு வாக்கியமா: பாய்க்காரருக்கு அனுப்பிய ஒரு செய்தி

தங்கை கல்யாணத்துக்குப் பத்தமடையில் பட்டுப் பாய் சொல்ல வேண்டியிருந்தது. பெண், மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே சேர்த்து நெய்து தருவார்கள். ஆர்டர் எடுக்கும் அண்ணாச்சிக்குப் பாளையங்கோட்டையில் இருந்து நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இதுதான்:

• பட்டுப் பாய் 1, பெயர் போட்டது
• 6க்கு 4 அடி
• ஓரம் சிவப்பு
• பெயர் எழுத்து சரிபார்க்கவும்
• ஜனவரி 20க்குள்
• விலை?

மறுநாள் "பார்ப்போம்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

திருத்தி அனுப்ப மூன்று வழி தெரிந்தது. குறிப்புகளை அப்படியே விட்டுவிட்டு மேலே வணக்கமும் கீழே நன்றியும் போடுவது சுலபம். ஆனால் நடுவில் இருக்கும் ஆறு வரி மாறுவதில்லை. வரிக்கு வரி 'தயவுசெய்து' போடுவது அதைவிட மோசம். நாலு தடவை அந்தச் சொல் வந்தால், பொறுமை போனவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். எல்லாவற்றையும் வாக்கியமாக்குவது மூன்றாவது வழி. பத்து நிமிடம் பிடித்தது. நான் செய்தது அதைத்தான்.

காரணம் வினைமுற்று. தமிழில் மரியாதை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கிறது. 'சொல்லு', 'சொல்லுங்க', 'சொன்னீங்கன்னா நல்லாருக்கும்' மூன்றுக்கும் வேறுபாடு அந்த வாலில்தான். குறிப்பாக எழுதும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. 'விலை?' என்பதில் கேட்பவரும் இல்லை, கேட்கப்படுபவரும் இல்லை. மிச்சம் இருக்கும் ஒரே வினை 'சரிபார்க்கவும்'. அது அலுவலகச் சுற்றறிக்கையிலும் அறிவிப்புப் பலகையிலும் வரும் '-வும்'. வயதில் மூத்தவருக்கு அது உத்தரவாகத்தான் கேட்கும்.

வெட்டுப்படும் இன்னொன்று காரணம். 'பெயர் எழுத்து சரிபார்க்கவும்' என்று மொட்டையாகச் சொன்னால், தப்பு வந்தால் அது உங்கள் தலையில் என்பது போல ஆகிறது. நான் நினைத்ததோ வேறு: நெய்த பிறகு எழுத்தை மாற்ற முடியாது, அதனால் முன்னாலேயே நான் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான். இரண்டாம் முறை இப்படி எழுதினேன்:

"வணக்கம் அண்ணாச்சி. தங்கை கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயர் போட்டு ஒரு பட்டுப் பாய் வேணும். 6க்கு 4 அடி, ஓரம் சிவப்பா இருந்தா நல்லாருக்கும். கல்யாணம் ஜனவரி 28. பாய் 20ஆம் தேதிக்குள்ள கைக்கு வந்தாத்தான் சீரோட வைக்க முடியும். பெயர் ரெண்டையும் கீழே தனியா எழுதியிருக்கேன். நெய்ய ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு தடவை எனக்குக் காட்டுனீங்கன்னா, பிழை இருந்தா அப்பவே சொல்லிடுவேன். எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, முன்பணத்தை அன்னைக்கே அனுப்பிடுறேன்."

இதில் ஒரு இடத்தில் சறுக்கப் பார்த்தேன். முதலில் தேதியையும் மெதுவாக்கி, "முடிந்தால் 20ஆம் தேதி வாக்கில் கிடைத்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த தம்பி, "அப்போ 27ஆம் தேதி வந்தாலும் பரவாயில்லையா?" என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான். வேண்டுகோளில் '-ஆல்' போட்டு இளக்கலாம். தேதி, அளவு, பணம் மூன்றையும் இளக்கினால் படிப்பவர் அவற்றை அவரவர் விருப்பம் என்று எடுத்துக்கொள்வார். தேதியை நேராகச் சொல்லி, பக்கத்திலேயே அதன் காரணத்தை வைத்தால் கடுமையாகவும் தெரியாது.

அனுப்பும் முன் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் ஒருமுறை பார்க்கிறேன். தொடர்ந்து இரண்டு '-வும்' வந்தாலோ, வரி பெயர்ச்சொல்லில் முடிந்து நின்றாலோ அங்கே கை வைக்க வேண்டும். அவர் வீட்டு வாசலில் நின்று அதே வரியை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்றும் பார்க்கலாம்.

குறிப்பே சரியாக வரும் இடமும் உண்டு. மணமக்கள் பெயரை வாக்கியத்துக்குள் நுழைக்காமல் தனித்தனி வரியில் விட்டேன், நெய்பவர் அதைப் பார்த்துத்தானே எழுத்து எடுக்க வேண்டும்? மளிகை லிஸ்டை யாரும் வாக்கியமாக எழுதுவதில்லை. நான் சொல்வதெல்லாம் கடைக்காரர், கைவினைக்காரர்களுக்கு எழுதிய அனுபவம். நாள் முழுக்கக் குறிப்பிலேயே பேசிக்கொள்ளும் அலுவலகக் குழுவில் இவ்வளவு நீளம் தேவைப்படாமல் போகலாம்.

அன்று சாயங்காலமே விலை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று அண்ணாச்சியிடம் இருந்து பதில் வந்தது. மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் இனிஷியல் போட வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.