பச்சைக் கட்டத்தை எடுத்து பென்சில் கோட்டை மட்டும் வைத்துக்கொள்வது: கிம்ப் பயன்படுத்தி வரும் அனுபவம்

வேறொரு கல்லூரியின் இயற்பியல் துறையில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "லேப் மேனுவலில் நீங்க போடுற கிராஃப்ல கட்டமே இல்லாம வளைவு மட்டும் வருதே, எப்படி சார்?" அவர் ஏதோ ஒரு ஸ்கேன் செயலியில் கருப்பு வெள்ளை மோடு போட்டுப் பார்த்திருக்கிறார். கட்டம், வளைவு இரண்டுமே கருப்பாகி, எது எதென்றே தெரியவில்லையாம். அவருக்குப் போனில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். மாணவர்கள் பச்சைக் கட்டத் தாளில் பென்சிலால் வரைந்ததைப் படமெடுத்து, பல வருடங்களாக கிம்ப் மென்பொருளில்தான் இதைச் செய்கிறேன். அதை எப்படி நிறுவுவது, லேயர் என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, நாம் கட்டத்தை 'அழிப்பதே' இல்லை. புகைப்படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகள், அதாவது மூன்று சானல்கள், இருக்கின்றன. பச்சை மை சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டு, பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் பச்சை சானலை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால், கட்டக் கோடும் வெள்ளைத் தாளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் தெரியும். பென்சில் கரி எந்த நிறத்தையும் சார்ந்ததல்ல, மூன்று சானலிலும் கருப்புதான். கட்டம் தானாக மங்கிப்போகும், வளைவு அப்படியே நிற்கும். `Colors > Components > Extract Component` போய் `RGB Green` என்று தேர்ந்தெடுத்தால் போதும். இத்தனை நாள் ஆகியும் அந்தக் கட்டம் கண்ணெதிரே கரைவதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

ஆரஞ்சு அல்லது செங்காவி நிறக் கட்டம் போட்ட தாள் என்றால் `RGB Red`, நீலக் கட்டம் என்றால் `RGB Blue`. நீலக் கட்டத்தில் மாணவர் நீல பேனாவால் வரைந்திருந்தால் இந்த வழி உதவாது, ஏனென்றால் கட்டத்தோடு வளைவும் சேர்ந்து மறைந்துவிடும். கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து வந்த தாளும், ஜெராக்ஸ் எடுத்த தாளும் அப்படித்தான். நிறத் தகவல் போன பிறகு பிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். டிரான்சிஸ்டர் BC107, காமன் எமிட்டர் அவுட்புட் வளைவுகள். கிடை அச்சில் V_CE, செங்குத்து அச்சில் I_C, ஒவ்வொரு I_B மதிப்புக்கும் ஒரு வளைவு. பூஜ்யத்திலிருந்து விறுவிறுவென்று ஏறி, அப்புறம் கிட்டத்தட்டப் படுக்கையாக ஓடும். மாணவர்கள் 1 சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் என்று அளவு எடுப்பார்கள். எனவே 3 மில்லி ஆம்பியரில் படுக்கும் வளைவு சரியாக ஒரு தடித்த சென்டிமீட்டர் கோட்டின் மேலேயே போய் உட்காரும்.

இந்த ஒரு தாளை வைத்தே எந்த வழி தேறும், எது தேறாது என்று சொல்லிவிடலாம். இணையத்தில் கட்டம் நீக்க என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பது ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பில் வடிவத்தை வைத்துக் கோடு பிடிக்கும் முறை. நீளமான நேர்க்கோடு எங்கெல்லாம் இருக்கிறதோ அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடும். அதற்கு நிறம் தெரியாது, நேராக இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். நம் டிரான்சிஸ்டர் வளைவின் படுக்கைப் பகுதியும் நேர்க்கோடுதானே! அதையும் சேர்த்துத் தின்றுவிடும். மீதி இருப்பது ஏறும் பகுதி மட்டும், அதுவும் முழங்கால் மாதிரி மடங்கும் இடத்தில் துண்டாக நிற்கும். அந்தத் துண்டைப் பார்த்தாலே வளைவு தின்னப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஜீனர் டையோடு வளைவிலும் இதே கதை: பிரேக்டவுனில் செங்குத்தாக இறங்கும் பகுதி காணாமல் போகும். சானல் பிரிக்கும் முறையில் இந்தப் பிரச்சினை இல்லை. பென்சில் பச்சைக் கோட்டின் மேல் படுத்திருந்தாலும் பென்சில்தான். நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமே இதுதான்.

செய்யும் வரிசை முக்கியம். தாள் கோணலாகப் படமாகியிருந்தால் அதை நேராக்குவது முதல் வேலை. `Perspective` கருவியில் `Corrective (Backward)` வைத்து, நான்கு மூலைகளையும் கட்டத்தின் வெளிக்கோடுகளோடு பொருத்திவிட வேண்டும். கட்டம் இருக்கும்போதுதான் அது நமக்கு அளவுகோல். அதை எடுத்துவிட்டால் தாள் சாய்ந்திருக்கிறதா, நடுவில் வளைந்திருக்கிறதா என்று பார்க்க எதுவுமே இருக்காது. வளைவிலிருந்து மதிப்புகளைத் திரும்ப எடுக்கும் எண்ணம் இருந்தால் அச்சுகளில் இரண்டு இரண்டு இடங்களையாவது பென்சிலால் குறித்து எண் எழுதிவிட்டுப் படம் எடுங்கள். கட்டத்தோடு அளவும் போய்விடும் என்பதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

அடுத்தது வெளிச்சம். ஜன்னல் பக்கம் தாள் வெளுப்பாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் இருக்கும். பச்சை சானலைப் பிரித்த பிறகு லேயரை நகலெடுத்து, நகலில் `Filters > Blur > Median Blur` போடுங்கள். ஆரம் 40 பிக்சல், `Percentile` 80 என்ற அளவில் வைத்தால் எல்லாக் கோடுகளும் மறைந்து வெறும் தாளின் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அந்த மேல் லேயரின் மோடை `Divide` ஆக மாற்றினால் கீழே இருக்கும் படம் தாளின் வெளிச்சத்தால் வகுக்கப்பட்டு, மூலை முடுக்கெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். இரண்டையும் இணைத்துவிட்டு `Levels` போங்கள். எங்கள் பச்சைத் தாளில் இந்த நிலையில் மிச்சமிருக்கும் கட்டக் கோடுகள் 215க்கு மேல் நிற்கும், HB பென்சில் 150க்குக் கீழே இருக்கும். வெள்ளை முனையை 200க்கும் கருப்பு முனையை 80க்கும் இழுத்தால் கட்டம் போய்விடும். `Threshold` வேண்டாம். அது விளிம்புகளைப் படிக்கட்டாக வெட்டிவிடும், அச்சில் அசிங்கமாகத் தெரியும்.

நிறைய தாள் இருந்தால் இதையே பைத்தானில் ஓட்டலாம்:

```python
import cv2, numpy as np
g = cv2.imread("graph.jpg")[:, :, 1]
bg = cv2.dilate(g, np.ones((15, 15), np.uint8))
bg = cv2.medianBlur(bg, 51)
flat = cv2.divide(g, bg, scale=255)
out = np.clip((flat.astype(float) - 80) * 255 / 120, 0, 255)
cv2.imwrite("curve.png", out.astype(np.uint8))
```

சரி, இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். அது புள்ளிகள்!

கோடுகள் எல்லாம் போன பிறகும், மில்லிமீட்டர் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் மட்டும் சின்னச் சின்னச் சாம்பல் புள்ளிகள் வரிசையாக நிற்கும். காரணம் இருக்கிறது. அச்சு மை சுத்தமான பச்சை அல்ல, பச்சை வெளிச்சத்தையும் கொஞ்சம் விழுங்கும். ஏ4 தாளின் அகலத்தை 3000 பிக்சலில் படமெடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 14 பிக்சல்தான், கோடு அதில் இரண்டு பிக்சல் இருந்தால் அதிகம். லென்ஸின் மங்கலில் ஒற்றைக் கோடு இரண்டு பக்கமும் பரவி வெளுத்துவிடும். வெட்டும் இடத்திலோ நான்கு பக்கமும் மை இருப்பதால் அந்த அளவு வெளுக்காது. அதோடு ஜேபெக் கோப்பில் நிறத் தகவல் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படுகிறது. மெல்லிய கோட்டின் பச்சை பக்கத்துப் பிக்சலுக்கு ஒழுகி, கோடு சாம்பலாக மாறுகிறது. சாம்பலை எந்தச் சானலும் பிரிக்காது.

மாணவர்கள் அரட்டைச் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பினால் இன்னும் மோசம். படம் சுருங்கி, கோடு ஒரு பிக்சலுக்கும் கீழே போய்விடும். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டில் பச்சை தெரியாமல் அழுக்குச் சாம்பல் தெரிந்தால் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், அசலைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

புள்ளிகளைப் பரப்பளவு பார்த்து நீக்கலாம். கிம்பில் இதற்கு நல்ல கருவி இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். `Despeckle` வளைவின் ஓரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. பைத்தானில் கருப்பையும் வெள்ளையையும் மாற்றிப்போட்டு, `cv2.connectedComponentsWithStats` கொண்டு 15 பிக்சலுக்குக் குறைவான தனித் துண்டுகளை எடுத்துவிடலாம். மிச்சப் புள்ளி ஒன்பது பிக்சலைத் தாண்டுவது அபூர்வம், மாணவர் வைத்த அரை மில்லிமீட்டர் புள்ளி நாற்பது பிக்சலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் கூர்மையான 2H பென்சிலால் ஊசி முனை மாதிரி புள்ளி வைத்துச் சுற்றி வட்டம் போட்டிருந்தால், வட்டம் மட்டும் இருக்கும், உள்ளே இருந்த அளவீடு போய்விடும். மாணவர் அளந்து குறித்த புள்ளி அது. அதை அழித்துவிட்டு அழகான படம் எடுத்து என்ன பயன்? அதனால் முடிந்ததும் அசலை மேலே லேயராகப் போட்டு, ஒளிபுகுதிறனைப் பாதியாக்கி, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் தவிர்க்க மாட்டேன்.

பென்சிலின் பளபளப்பும் ஒரு தொல்லை. பிளாஷ் போட்டாலோ தலைக்கு நேர் மேலே டியூப் லைட் இருந்தாலோ அழுத்தி வரைந்த இடத்தில் கரி மினுங்கும், அந்த இடம் படத்தில் வெள்ளையாகி வளைவு அறுந்துபோகும். தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் மினுங்கும் இடம் நகர்வது தெரியும். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பிளாட்பெட் ஸ்கேனர் இருந்தால் கலரில் 300 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்து பிஎன்ஜியாகச் சேமியுங்கள், புள்ளித் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

நண்பர் கடைசியாக, "அப்போ நான் இதைக் கத்துக்கட்டுமா?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியது மேனுவலுக்கு மூன்றே வளைவு. வேண்டாம் என்றேன். தாளின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, கருப்பு மைப் பேனாவால் வளைவையும் புள்ளிகளையும் எடுத்து ஸ்கேன் செய்துவிடுங்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாற்பது ஐம்பது தாள் சேர்ந்து, எல்லாம் ஒரே பச்சைக் கட்டத்தில், பென்சிலில் இருந்தால் மட்டும் கிம்பைத் திறங்கள். நான் ஒரே ஒரு தாளுக்கும் திறக்கிறேன், இனியும் திறப்பேன். அந்தப் பச்சை சானல் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.