மேக்கில் திறக்க மறுக்கும் ஆப்: மூன்று வழிகளில் நான் எதை எடுத்தேன், ஏன்

தருமபுரி நாலு ரோடு பக்கம் எங்கள் டிசைன் கடையில் எல்லா வேலையும் மேக்கில்தான் நடக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் என்று வரும் மேட்டரில் பாதி இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன ஆப் வைத்திருக்கிறோம். ஆர்வத்தால் ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுப்பது அது. ஆப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். இலவசமாகக் கொடுப்பவர் அதைக் கட்டாததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதனால் ஆப்பை இறக்கி இரண்டு முறை தட்டினால் மேக் திறக்க மாட்டேன் என்கிறது. "அண்ணா, குப்பையில போடச் சொல்லுதுண்ணா" என்று கடைப் பையன் கூப்பிடுவான்.

இதைத் தாண்ட மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. செட்டிங்ஸில் போய் Open Anyway கொடுப்பது ஒன்று. இறக்கிய ஃபைலில் மேக் ஒட்டி வைக்கும் கொடியை டெர்மினலில் `xattr` கட்டளையால் கழற்றுவது இரண்டாவது. `spctl` மூலம் காவலையே மொத்தமாக நிறுத்துவது மூன்றாவது. கடைக்கு எது என்று முடிவு செய்ய வேண்டி வந்தபோது நான் முதலாவதை எடுத்தேன்.

முதலில் மேக் ஏன் மறுக்கிறது என்று பார்ப்போம். சஃபாரி, குரோம், மெயில், ஏர்டிராப் போன்றவை வழியாக ஒரு ஃபைல் வந்தால், அதன் மேல் `com.apple.quarantine` என்று ஒரு கொடி ஒட்டப்படும். ஜிப்பாக வந்தால் ஃபைண்டரில் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் ஆப்புக்கும் அது ஒட்டிக்கொள்ளும். இந்தக் கொடி வைரஸ் இருக்கிறது என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த ஃபைல், இன்னும் சோதிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். முதல் முறை திறக்கும்போது மேக்கின் காவல் அமைப்பான கேட்கீப்பர் இந்தக் கொடியைப் பார்த்துவிட்டு, ஆப்பில் அந்த 99 டாலர் கணக்கு வைத்திருப்பவர் போடும் டெவலப்பர் கையொப்பம் இருக்கிறதா, ஆப்பிள் அதைச் சோதித்து நோட்டரைஸ் செய்திருக்கிறதா என்று கேட்கும். இரண்டும் இல்லையென்றால் நிறுத்திவிடும். கொடியைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, இப்படி அடியுங்கள்:

```
xattr -p com.apple.quarantine ~/Downloads/Converter.app
```

வரும் விடை ஏறக்குறைய இப்படி இருக்கும். கடைசியில் ஒரு நீண்ட அடையாள எண்ணும் வரும், அதை விட்டுவிடுகிறேன்:

```
0083;66f13770;Safari;
```

நடுவில் இருப்பது இறக்கிய நேரம், பதினாறடிமான எண்ணில். `date -r $((0x66f13770))` என்று கொடுத்தால் 2024 செப்டம்பர் 23, மதியம் 3.10 என்று காட்டும். பக்கத்தில் எந்த பிரவுசர் கொண்டுவந்தது என்பதும் இருக்கிறது. கடையில் பலர் ஒரே கம்ப்யூட்டரில் உட்காரும்போது இது பயன்படும். இந்த ஆப்பை நாம் இறக்கினோமா, எப்போது, எதன் வழியாக என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம். மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகமில்லை. `spctl` கொண்டு கேட்கீப்பரை அணைத்தால் அந்த ஒரு ஆப்புக்காக மொத்தக் கம்ப்யூட்டரும் திறந்து கிடக்கும். நாளைக்கு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்து எதையோ இறக்கினாலும் கேள்வி வராது. பழைய மேக்ஓஎஸ்ஸில் ஒரே கட்டளையில் முடிந்த இந்த வேலையை, சிக்கோயா 15 தொடரில் செட்டிங்ஸிலும் போய் உறுதி செய்தால்தான் நடக்கும் என்று ஆப்பிள் மாற்றிவிட்டது. மாற்றியது நல்லது. கடை கம்ப்யூட்டரில் இதை யாரும் செய்ய வேண்டாம்.

மிஞ்சுவது இரண்டு. இரண்டும் அந்த ஒரு ஆப்பை மட்டும் திறக்கின்றன, ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். டெர்மினல் தெரிந்தவர்கள் `xattr` பக்கம் சாய்வார்கள், ஒரே வரியில் முடிந்துவிடுமே என்று. நான் செட்டிங்ஸ் வழிக்குச் சாய்வதற்குக் காரணம் முதல் முறை திறப்பது அல்ல. அடுத்த வெர்ஷன் வரும் நாளில் என்ன நடக்கும் என்பதுதான்.

செட்டிங்ஸ் வழி இப்படிப் போகும். ஆப்பை ஒரு முறை திறக்கப் பாருங்கள். சிக்கோயாவில், இதில் தீங்கு இல்லை என்று ஆப்பிளால் உறுதி செய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கையோடு Done, Move to Trash என்று இரண்டு பட்டன்கள் வரும். Done கொடுங்கள். System Settings-இல் Privacy & Security போய் கீழே Security பகுதி வரை இறங்கினால், அந்த ஆப்பின் பெயரும் பக்கத்தில் Open Anyway பட்டனும் இருக்கும். திறக்க முயன்ற பிறகு சுமார் ஒரு மணி நேரம்தான் அந்தப் பட்டன் நிற்கும். காணவில்லை என்றால் ஆப்பை மறுபடி தட்டிவிட்டு வாருங்கள். அப்புறம் இன்னொரு உறுதிப்பாடு, அட்மின் பாஸ்வேர்டு, முடிந்தது. முன்பெல்லாம் கண்ட்ரோல் பிடித்துத் தட்டி Open கொடுத்தாலே போதும். 2024-இல் சிக்கோயா வந்ததும் அந்தக் குறுக்கு வழி மூடப்பட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்து ஏமாறுபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

அட்மின் பாஸ்வேர்டு கேட்பது எங்களுக்கு வசதி. பையனுக்கு சாதாரண கணக்குதான், ஆகவே அவனாக எதையும் தாண்டிவிட முடியாது. என்னைக் கூப்பிட்டாக வேண்டும். ஒரு முறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் தினமும் கேட்காது. ஆனால் டெவலப்பர் புது வெர்ஷன் விட்டு, அதை பிரவுசரில் இறக்கினால், புதுக் கொடியோடு வரும், மறுபடி கேட்கும். பலர் இதைத் தொல்லை என்பார்கள். எனக்கு இதுதான் இந்த வழியின் பெரிய பலம். எங்கள் தொழிலில் புரூஃப்பில் ஒரு எழுத்து மாறினாலும் வாடிக்கையாளரிடம் மறுபடி கையெழுத்து வாங்கித்தான் அச்சுக்கு அனுப்புவோம். போன முறை போட்ட கையெழுத்து இந்தத் தாளுக்குச் செல்லாது. ஆப்பும் அப்படித்தான். போன வெர்ஷனை நம்பினோம் என்பதால் இந்த வெர்ஷனும் அதே ஆளிடமிருந்து, அதே நிலையில் வந்தது என்று ஆகாது. கையொப்பம் இல்லாத ஆப்பில் அதைச் சொல்ல மேக்குக்கும் வழி கிடையாது.

`xattr` வழியிலும் புது வெர்ஷனுக்கு மறுபடி கட்டளை அடிக்கத்தான் வேண்டும். வித்தியாசம் எங்கே என்றால், கட்டளையை அடிக்கிறவர் சீக்கிரமே அதை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு வைத்துவிடுவார். அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. கொடியே இல்லாததால் கேட்கீப்பர் முதல் முறை செய்யும் சோதனையும் பெரும்பாலும் நடக்காமல் போய்விடும். செட்டிங்ஸ் வழியில் கொடி ஒட்டியபடியே இருக்க, சோதனை நடந்து, அதற்குப் பிறகுதான் நம்மிடம் கேள்வி வருகிறது. ஆப்பிளுக்குத் தெரிந்த தீங்கு நிரலாக இருந்தால், இது உங்கள் கம்ப்யூட்டரைக் கெடுக்கும் என்று வேறு மாதிரி எச்சரிக்கை வரும். அந்த வாசகம் வந்தால் எந்த வழியையும் தேடாமல் குப்பையில் போட்டுவிடுங்கள். எக்ஸ்புரொடெக்ட் என்ற உள் சோதனை தனியாக ஓடுகிறது, கொடியைக் கழற்றினாலும் அது முழுசாக நின்றுவிடாது. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை.

`xattr` தவிர்க்க முடியாத இடமும் ஒன்று உண்டு. சில ஆப்புகள் டெவலப்பர் தெரியவில்லை என்று சொல்லாமல், ஆப் பழுதாகிவிட்டது, குப்பையில் போடுங்கள் என்று சொல்லும். செட்டிங்ஸில் Open Anyway பட்டனும் வராது. கையொப்பம் உடைந்திருந்தால் இப்படி ஆகும். எம் வரிசை சிப் மேக்குகளில் இது அடிக்கடி கண்ணில் படும். ஃபைல் உண்மையிலேயே பாதியில் அறுந்து இறங்கியிருந்தாலும் இதே வாசகம்தான். ஆகவே முதலில் அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள். ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணை டெவலப்பர் தன் பக்கத்தில் கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள்:

```
shasum -a 256 ~/Downloads/Converter.zip
codesign -dv ~/Downloads/Converter.app
```

முதல் வரியின் எண் ஒரு எழுத்து விடாமல் பொருந்த வேண்டும். பொருந்தினால், நீங்கள் இறக்கியது டெவலப்பர் வெளியிட்ட அதே ஃபைல் என்று மட்டும் உறுதி. அவர் நல்லவர் என்பதை அது சொல்லாது. இரண்டாவது வரியில் `Signature=adhoc` என்று வந்தால் கையொப்பம் பெயருக்குத்தான் இருக்கிறது, யார் போட்டது என்று அதில் இல்லை. எங்கள் எழுத்துரு மாற்றி அப்படிப்பட்டதுதான். அதன் மூல நிரல் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது, ஹாஷ் பொருந்துகிறது, இணைய இணைப்பு இல்லாமலே அது வேலை செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததால் ஏற்றுக்கொண்டேன். இவ்வளவும் பார்த்த பிறகும் பழுது வாசகமே வந்தால், அந்த ஆப்பின் பெயரைக் குறிப்பிட்டு இதை மட்டும் அடிக்கலாம்:

```
xattr -dr com.apple.quarantine /Applications/Converter.app
```

பலரும் சொல்லும் `xattr -cr` வேண்டாம். அது குவாரன்டைன் கொடியோடு ஃபைண்டரில் வைத்த கலர் டேக் உட்பட ஒட்டியிருக்கும் மற்றதையும் துடைத்துவிடும். முழு Applications ஃபோல்டரின் மேல் அடிக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிஎம்ஜி ஃபைலைத் திறந்ததும் உள்ளே படம் போட்டு, இந்த ஐகானை டெர்மினலில் இழுத்துப் போடுங்கள் என்று வழிகாட்டினால் உடனே மூடிவிடுங்கள். கண்ட்ரோல் வழி மூடப்பட்ட பிறகு பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் ஆட்களை இப்படித்தான் டெர்மினல் பக்கம் கூட்டிப்போகின்றன. நல்ல டெவலப்பர் தன் ஆப்பை இழுத்துப் போடச் சொல்வது Applications ஃபோல்டரில்தான்.

எச்சரிக்கையே வராத ஆப்பிடமும் கவனமாக இருங்கள். எங்கள் ஊரில் கடைக்குக் கடை பென் டிரைவில்தான் சாஃப்ட்வேர் கைமாறுகிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிய பென் டிரைவ் வழியாகவோ, `curl` கட்டளை வழியாகவோ வந்த ஃபைலில் பெரும்பாலும் கொடி இருக்காது. கேள்வி கேட்காமல் திறந்தால் அது பாதுகாப்பானது என்று பொருளில்லை, யாரும் சோதிக்கச் சொல்லவில்லை என்றுதான் பொருள். ஆகவே பென் டிரைவில் வரும் ஆப்பை நாங்கள் வாங்குவதில்லை. டெவலப்பர் பக்கத்திலிருந்தே மறுபடி இறக்கி, கொடியோடு வரவிட்டு, கேள்வியைச் சந்திக்கிறோம்.

ஓசூர் பக்கம் கம்பெனி கொடுத்த மேக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு என் அனுபவம் போதாது. அங்கே நிர்வாகக் கட்டுப்பாடு போட்டு Open Anyway-யையே தடுத்து வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் டெர்மினலைத் தொடாமல் ஐடி ஆளிடம் ஆப்பின் பெயரையும் ஹாஷ் எண்ணையும் கொடுத்து அனுமதி கேளுங்கள்.