எடை ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது: போலி பவர் பேங்க்கோடு 14 மாதம்

20,000 எம்ஏஎச் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பவர் பேங்க் ஒன்றை 14 மாதம் வைத்திருந்தேன். பெட்டி, கையேடு, லோகோ எல்லாம் பேர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பொருளைப் போலவே இருந்தன. அது போலி என்று எனக்கு உறைக்க 11 மாதம் ஆனது. இத்தனைக்கும் வாங்கிய அன்றே சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தவன் நான்.

எடைக் கணக்கு எளிதானது. லித்தியம் செல்லின் மின்னழுத்தம் சராசரியாக 3.7 வோல்ட். 20,000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர் அவர், அதை 3.7ஆல் பெருக்கினால் 74 வாட் அவர். நல்ல செல் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 250 வாட் அவர் பிடிக்கும். ஆக, செல்கள் மட்டுமே 300 கிராம் பக்கம் வரும். மேல்கூடும் போர்டும் சேர்ந்தால் 340 கிராமுக்குக் கீழே இறங்குவது கஷ்டம். என்னுடையது 312 காட்டியது. “கூடு மெல்லியது போல” என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 200 கிராம் காட்டியிருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். கொஞ்சமாகக் குறைந்ததால் ஏமாந்தேன்.

பின்பக்க எழுத்துகளையும் அன்று சரியாகப் படிக்கவில்லை. 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட், 100 வாட் அவர் என்று போட்டிருந்தது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. 74 வர வேண்டிய இடத்தில் 100. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் எல்லை 100 வாட் அவர் என்பதால், எங்கோ பார்த்த எண்ணை அப்படியே அச்சடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். அசல் பொருள்களில் பெரும்பாலும் இன்னொரு வரியும் இருக்கும்: 5 வோல்ட்டில் உண்மையாகக் கிடைக்கும் அளவு. 20,000க்கு அது 12,000 முதல் 13,000 வரை. நேர்மையான கம்பெனி இந்தச் சின்ன எண்ணை மறைக்காது. என்னுடையதில் அந்த வரியே இல்லை. சிஇ, யூஎல் என்ற பாதுகாப்பு முத்திரைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மையும் அச்சும் இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம். கூட்டல் பெருக்கல் தப்பினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. காலியானபின் இது மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். “என்ன வேகம்!” என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உள்ளே போவது 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட். 74 வாட் அவரை 10 வாட்டில் நிரப்ப, இழப்பையும் சேர்த்தால், எட்டரை மணி நேரமாவது வேண்டும். மூன்று மணியில் நிறைகிறது என்றால் தொட்டி சின்னது. எந்தக் கருவியும் இல்லாமல் யாரும் செய்யக்கூடிய சோதனை இது. எனக்கு 11 மாதம் தோன்றவே இல்லை.

தோன்றிய பிறகு ஒரு யூஎஸ்பி மீட்டரும், 1 ஆம்பியர், 2 ஆம்பியர் என்று மாற்றிக்கொண்டு கரண்ட் இழுக்கும் லோடு என்ற சின்னக் கருவி ஒன்றும் வாங்கினேன். போனை வைத்துச் சோதித்தால் கணக்கு நிற்காது. பேட்டரி நிறைய நிறையப் போன் இழுக்கும் கரண்ட் குறைந்துகொண்டே போகும். லோடு கடைசிவரை ஒரே அளவில் இழுக்கும். அதன் ரெசிஸ்டர் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும் என்பதால் தரை ஓட்டின் மேல் வைத்தேன். மீட்டரை நேராகப் பவர் பேங்க்கின் வாயில் செருகினேன். நடுவில் ஒல்லியான கேபிள் இருந்தால் அதிலேயே வோல்ட் விழுந்து, நல்ல பொருளையும் போலி என்று சொல்லிவிடும்.

1 ஆம்பியரில் ஓட விட்டேன். நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை, அணைந்துவிட்டது. மீட்டரில் 3,780 எம்ஏஎச், 18.6 வாட் அவர். உள்ளிருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்தாலும், செல்களில் இருந்தது 22 வாட் அவர்தான். பழையபடி எம்ஏஎச்சுக்கு மாற்றினால் 6,000கூட இல்லை. மறுநாள் 2 ஆம்பியரில் போட்டபோது தொடக்கத்திலேயே 4.5 வோல்ட்டுக்கு இறங்கியது. 4.75க்குக் கீழே போகக் கூடாது.

அன்று கையில் எடுத்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒரு பாதி வெதுவெதுப்பாக இருந்தது. மறு பாதி, மேசையில் கிடந்த எந்தப் பொருளையும் போல, சில்லென்று இருந்தது.

பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் அதை முழுக்கக் காலியாக்கி, வெட்டவெளியில் வைத்துத் திறந்தார். பழக்கமில்லாதவர்கள் இதில் கைவைக்க வேண்டாம். கத்தி முனை செல்லில் பட்டால் தீதான். உள்ளே 18650 எனப்படும் உருளை வடிவச் செல்கள் ஆறு. உண்மையில் நல்ல 18650 ஆறு இருந்தால் 20,000 வரும். ஆனால் இதில் மூன்று மட்டும் வேலை செய்பவை, எங்கிருந்தோ கழற்றிய பழைய செல்கள். முனையில் முந்தைய வெல்டிங் பிய்ந்த தழும்பு தெரிந்தது. மற்ற மூன்றில் மணல். “எடை பார்க்கிற ஆளுங்களுக்காகவே போட்டிருக்கான்” என்றார் நண்பர். நல்ல 18650 ஏறத்தாழ 45 முதல் 48 கிராம். மணல் உலோகத்தைவிட லேசு என்பதால் அந்த மூன்றும் 34 கிராம்தான். என் தராசில் குறைந்த கிராம்கள் பெரும்பாலும் அவைதான்.

கொள்ளளவு குறைந்ததைக்கூட விட்டுவிடலாம். போர்டில் வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரைப் பற்றவைக்க இரண்டு புள்ளிகள் இருந்தன, தெர்மிஸ்டர் இல்லை. செல் எவ்வளவு சூடானாலும் சார்ஜ் நிற்காது. பழைய செல்லை அளவுக்கு மீறிக் காலியாக்கி மறுபடி சார்ஜ் செய்தால், உள்ளே செம்பு கரைந்து வேறிடத்தில் படிந்து குறுக்குச்சுற்று ஏற்படலாம். அப்படி ஒரு செல் தீப்பற்றினால் பக்கத்துச் செல்லையும் கொளுத்தும். இதைத்தான் இரவில் தலையணை ஓரம் வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

அதே பெட்டியில் ஒரு சார்ஜரும் வந்தது. அதில் போனைச் செருகினால் திரையில் தொடாத இடமெல்லாம் தொட்டதுபோல் துள்ளும். வெளிவரும் மின்சாரம் அவ்வளவு கரடுமுரடு. சார்ஜர் விஷயத்தில் மீட்டரை நம்பி நிம்மதி அடைய முடியாது. 5 வோல்ட் அழகாகக் கொடுக்கும் சார்ஜரும் ஆளைக் கொல்லலாம். சுவர் மின்சாரத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே போதிய இடைவெளியும், பழுதானாலும் குறுக்குச்சுற்று ஆகாத தனி வகைக் கெபாசிட்டரும் வேண்டும். போலியில் சாதாரண கெபாசிட்டரைப் போட்டுவிடுவார்கள். அது ஒருநாள் போனால் சுவர் மின்சாரம் நேராகக் கேபிளுக்கு வரும். 2016இல் யூஎல் நிறுவனம் ஆப்பிள் சார்ஜர்களின் போலிகள் 400ஐச் சோதித்தது, தேறியவை 3. உலோக உடம்புள்ள போனைத் தொட்டால் லேசாகக் கூச்செறிவது அசல் சார்ஜரிலும் உண்டு, அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. நான் அந்தப் போலி சார்ஜரை ஒயரை வெட்டி, மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டேன். பவர் பேங்க்கின் செல்கள் முனைகளில் டேப் ஒட்டப்பட்டு அதே இடத்துக்குப் போயின.

இப்போது கையில் இருப்பது 10,000 எம்ஏஎச், 215 கிராம். நிறைய ஐந்து மணி நேரம் எடுக்கிறது. முதல் வாரம் மீட்டர் காட்டியது 6,310. அந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடியில் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் மறுபடி ஓட்டியதில் 5,940.