வெளிநாட்டுக்குப் பலகாரம் அனுப்ப வெப்சைட் போடுகிறீர்களா? மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நானும் என் மாமியாரும் மணப்பாறை பக்கத்தில் வீட்டிலேயே கைமுறுக்கு, தட்டை, சீடை போட்டு விற்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்கள் நேரடியாக ஆர்டர் போட வசதியாக இருக்கட்டும் என்று, போன வருடம் திருச்சியில் ஒருவரிடம் வெப்சைட் செய்யக் கொடுத்தோம். பல நாட்டுப் பணத்தில் விலை, வெளிநாட்டு ஷிப்பிங், கஸ்டம்ஸ் விவரம் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். 18,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். 2025 தீபாவளிக்கு வந்த ஒரே ஒரு ஆர்டரில் அவர் செய்த வேலை எல்லாம் வெளுத்துவிட்டது.

நியூஜெர்சியில் இருக்கும் ஒரு தங்கை மூன்று கிலோ பலகாரம் கேட்டிருந்தார். பலகாரம் 1,800 ரூபாய். பெட்டியோடு நான்கு கிலோ, கிலோவுக்கு 750 என்று சைட் ஷிப்பிங்குக்கு 3,000 வாங்கியிருந்தது. கூரியர்காரர் பெட்டியை டேப் வைத்து அளந்தார்: 40, 30, 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 7.2. அதை 7.5 கிலோவாக்கி 5,625 ரூபாய் பில் போட்டார். கூரியரில் நிஜ எடை, இந்தக் கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. முறுக்கு கனமே இல்லாமல் இடத்தை அடைக்கும் பண்டம், உடையாமல் இருக்கச் சுற்றிலும் பொதியும் வைக்க வேண்டும். 2,625 ரூபாய் என் கையிலிருந்து போனது.

வீட்டுக்கு வந்து சைட்டைத் திறந்து பார்த்தேன். எந்தப் பொருளிலும் Dimensions கட்டத்தில் ஒரு எண் கூட இல்லை. அதை நிரப்பினாலும் முழுத் தீர்வு கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டின் அளவையும் கூட்டினால் வெளிப்பெட்டியின் அளவு வராதே. இப்போது நான் மூன்று பெட்டி அளவுதான் வைத்திருக்கிறேன். எத்தனை கிலோ எந்தப் பெட்டி என்று முடிவு செய்து, அந்தப் பெட்டியின் கன அளவு எடைக்கே கட்டணம் போட்டுவிட்டேன். முறுக்கை டப்பாவில் அடுக்கி 35, 30, 25 பெட்டிக்குள் கொண்டுவந்தால் அதே மூன்று கிலோ 5.5 கிலோ பில்லில் போகிறது.

இதைவிடப் பெரிய கொடுமை கஸ்டம்ஸ் விஷயம். "800 டாலருக்குள் இருந்தால் வரி கிடையாது" என்று சைட்டில் பெரிதாகப் போட்டிருந்தார். அந்தச் சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-லேயே எல்லா நாட்டுக்கும் நிறுத்திவிட்டது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பழைய வாசகம் அது. சைட்டிலிருந்து தானாக வரும் இன்வாய்ஸிலோ "Snacks - Gift" என்றும் மதிப்பு 500 ரூபாய் என்றும் அடித்து வைத்திருந்தார். கேட்டதற்கு, "அக்கா, கிஃப்ட்னு போட்டா எவனும் பிரிச்சுப் பார்க்க மாட்டான்" என்றார்.

பிரித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவுக்குள் போகும் உணவு பற்றி, அங்குள்ள உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ-விடம் முன்கூட்டியே தகவல் பதிய வேண்டும். அதன் பெயர் Prior Notice. வீட்டில் செய்து சொந்தக்காரர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பினால்தான் விலக்கு. காசு வாங்கி விற்கிற எனக்கு அது பொருந்தாது. பார்சல் ஒன்பது நாள் நின்றது. சரியான மதிப்போடு புது இன்வாய்ஸ் கொடுத்து, கூரியர் மூலம் பதிவும் செய்த பிறகுதான் விட்டார்கள். வரியும் கையாளும் கட்டணமுமாக 31 டாலர் கட்டச் சொல்லி அந்தத் தங்கைக்கு மெசேஜ் போயிருக்கிறது. தீபாவளி முடிந்து பெட்டி போய்ச் சேர்ந்தது. பிரித்து ஒட்டிய டேப்பும், உள்ளே பாதி நொறுங்கிய முறுக்குமாக அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து என் மாமியார் அன்று சாப்பிடவே இல்லை.

இப்போது இன்வாய்ஸில் "அரிசி மாவில் செய்து எண்ணெயில் பொரித்த உப்புப் பலகாரம், பால் பொருள் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதி, எடை, உண்மையான விலை, இந்தியாவில் செய்தது என்பதையும் சேர்க்கிறேன். பால் பொருள் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்கும் பால் இனிப்பைத் தபாலில் அனுப்பினால் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

டாலர் விலை கதையும் இதேதான். சைட்டில் 57.83 டாலர் என்று காட்டியது, கார்டில் எடுத்ததோ 4,800 ரூபாய். 1 டாலர் 83 ரூபாய் என்று ஒரு பழைய எண்ணைத் தட்டி வைத்து, ரூபாய் விலையை டாலராக மாற்றிக் காட்ட மட்டும் செய்திருக்கிறார். பேமென்ட் கேட்வேயில் டாலர் வசூலே திறக்கவில்லை. அந்தத் தங்கை இது ஏதும் மோசடியோ என்று பயந்து போன் செய்தார். உங்கள் சைட்டில் இதைச் சோதிக்க, ஒரு சின்ன ஆர்டரை வெளிநாட்டில் இருக்கும் தெரிந்தவர் கார்டில் போடச் சொல்லுங்கள். பிறகு கேட்வே டாஷ்போர்டில் எந்த நாணயத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கடை முகப்பில் தெரியும் டாலர் குறியை நம்பாதீர்கள்.

மீதி 10,000-ஐக் கேட்டு அவர் இன்னும் போன் செய்கிறார். நான் கொடுக்கவில்லை. அந்தத் தங்கைக்கு 31 டாலரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வரியை முன்கூட்டியே நாங்களே கட்டி அனுப்ப கூரியரில் ஏற்பாடு ஆகும்வரை அமெரிக்க ஆர்டரை மூடி வைத்திருக்கிறேன்.