ஸ்பாம் வடிகட்டியில் விதியும் கற்கும் மாடலும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஐம்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வரை ஆறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். வடிகட்டி ஸ்பாம்அசாசின். முதல் ஒன்றரை ஆண்டு விதிகளை மட்டும் நம்பி ஓட்டினேன். பிறகு அதற்குள்ளேயே இருக்கும் பேய்ஸ் பகுதியை இயக்கினேன். நாம் காட்டும் அஞ்சல்களிலிருந்து தானாகக் கற்றுக்கொள்ளும் மாடல் அது. இயந்திரக் கற்றலில் மிக எளிய, மிகப் பழைய வகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இப்படித்தான் கிடைத்தது.

வேலை செய்யும் முறை எளிது. ஓர் அஞ்சல் வந்ததும் நூற்றுக்கணக்கான விதிகள் அதைச் சோதிக்கும். பொருந்திய ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பாம். பேய்ஸ் பகுதியும் தன் முடிவை ஒரு மதிப்பெண்ணாகவே இந்தக் கூட்டலில் போடும்: ஸ்பாம் என்று உறுதியாக நினைத்தால் `BAYES_99`, அதற்கு 3.5, நல்ல அஞ்சல் என்று உறுதியாக நினைத்தால் `BAYES_00`, அதற்குக் கழித்தல் 1.9. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விதிகளின் பெரிய பலம், முதல் நாளிலேயே வேலை செய்யும் என்பது. கற்றுக்கொடுக்க ஓர் அஞ்சல்கூடக் கையில் இல்லாதபோதும், இணைப்பில் இயங்கு கோப்பு இருந்தால் தடு, வெளியிலிருந்து வந்துகொண்டே எங்கள் முகவரியைக் காட்டினால் தடு என்று எழுதிவிடலாம். யாராவது கேட்டால் காரணமும் சொல்ல முடியும். அந்த விதிகள் எதையும் இன்றுவரை நான் நீக்கவில்லை.

சொற்களைப் பிடிக்க விதி எழுதப் போனபோதுதான் சறுக்கினேன். கடன் தருவதாகச் சொல்லும் அஞ்சல்கள் குவிந்த ஒரு காலம். `/கடன்/` என்று ஒரு விதி போட்டு 3 மதிப்பெண் கொடுத்தேன். அடுத்த வாரமே ஓய்வு பெற்ற சக ஊழியர் ஒருவர் எல்லாருக்கும் எழுதிய விடைபெறும் கடிதம் ஸ்பாம் பெட்டிக்குப் போய்விட்டது. "இந்த நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பேன்" என்று ஒரு வரி எழுதியிருப்பாரோ என்று தேடினேன். "நன்றிக்கடன்" என்றே இருந்தது. சொல்லுக்குள் சொல் ஒளிந்திருப்பது தமிழில் வழக்கம்தானே. சரி, முழுச் சொல்லாக வந்தால் மட்டும் பிடிக்கட்டும் என்று சொல் எல்லைக் குறியான `\b`-ஐ இருபுறமும் சேர்த்தேன். அதன் பிறகு விதி எதையுமே பிடிக்கவில்லை. இந்த வடிகட்டி உரையைப் பைட் பைட்டாகப் பார்க்கிறது. தமிழ் எழுத்தின் பைட்டுகள் அதன் கண்ணுக்கு எழுத்தாகவே படுவதில்லை, ஆகவே இடைவெளிக்கும் "க"வுக்கும் நடுவில் ஓர் எல்லை இருப்பதாக அது நினைப்பதே இல்லை. இரண்டு பக்கமும் இடைவெளி அல்லது நிறுத்தக்குறி என்று கையால் எழுதிச் சரிசெய்தேன். அதற்குள் ஸ்பாம் அனுப்புகிறவர்கள் "நிதியுதவி" என்று மாற்றிவிட்டார்கள், பிறகு "க ட ன்" என்று இடைவெளி விட்டார்கள். ஆண்டு முடிவில் என் சொந்த விதிகள் நாற்பதைத் தாண்டியிருந்தன. அவற்றில் பாதி, எப்போதோ ஓய்ந்துபோன ஸ்பாம் அலைகளுக்காக எழுதியவை.

விதி எழுதப்பட்ட நாளிலேயே உறைந்துவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று ஸ்பாம்அசாசினின் வரலாற்றிலேயே இருக்கிறது. எதிர்காலத் தேதி போட்டு வரும் அஞ்சல்களைப் பிடிக்க `FH_DATE_PAST_20XX` என்றொரு விதி இருந்தது. அது தேடிய வடிவம் இது:

```
/20[1-9][0-9]/
```

எழுதியபோது சரியாகத்தான் இருந்தது. 2010 ஜனவரி 1 அன்று உலகத்து அஞ்சல்கள் எல்லாமே இந்த வடிவத்துக்குள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண்ணுக்கு மேல் ஏறியது. ஆனால் பிழை ஒரே வரியில் கண்ணெதிரே இருந்தது. 1-ஐ 2 ஆக்கினால் தீர்ந்தது. அந்த வசதி மாடலில் இல்லை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பேய்ஸ் பகுதி, 200 ஸ்பாமும் 200 நல்ல அஞ்சலும் கற்கும்வரை வாயே திறக்காது. ஸ்பாம் சேர்ப்பது கஷ்டமில்லை. நல்ல அஞ்சல்களைத் தர யாரும் முன்வரவில்லை, அது நியாயம்தான். ஒருவழியாகச் சேர்த்து மூன்று வாரம் கற்றுக்கொடுத்தேன். எந்த அஞ்சலிலும் `BAYES_` என்று தொடங்கும் வரியே வரவில்லை. காரணம் என் கையில்தான் இருந்தது: கற்பிக்கும் கட்டளையை நான் ரூட் கணக்கில் ஓட்டினேன், வடிகட்டியோ வேறொரு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கற்றதெல்லாம் ரூட்டின் தரவுத்தளத்தில் சும்மா கிடந்தது. வடிகட்டி ஓடும் அதே கணக்கில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்:

```
sa-learn --dump magic
```

அதில் `nspam`, `nham` என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். எனக்கு இரண்டிலும் பூஜ்யம்.

சரியான இடத்தில் கற்றதும் அது பிடித்த விதம் எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. கணக்கு எளியதுதான். 1000 ஸ்பாமில் "சரிபார்க்கவும்" என்ற சொல் 120-இல் வருகிறது, 800 நல்ல அஞ்சலில் 4-இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பாமில் அதன் விகிதம் 0.12, நல்லதில் 0.005. 0.12-ஐ இரண்டின் கூட்டான 0.125-ஆல் வகுத்தால் 0.96, ஸ்பாம் பக்கம் பலமாகச் சாயும் சொல். "ஒப்பந்தம்" ஸ்பாமில் 3, நல்லதில் 96 என்றால் 0.02-ஐ ஒட்டி வரும். நல்ல பக்கம் இழுக்கும். இப்படி அஞ்சலில் ஏதாவதொரு பக்கம் பலமாகச் சாயும் சொற்களின் எண்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது. நாற்பது விதி எழுதித் துரத்திய கடன் அஞ்சல்கள், எழுத்தை மாற்றி வந்தாலும் ஓரிரு நாளில் பிடிபட்டன. "கடன்" என்பதை மறைத்தாலும் அதைச் சுற்றியிருக்கும் நடையை அவர்களால் மறைக்க முடியவில்லை. விடைபெறும் கடிதத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்: `BAYES_00`. எங்கள் அலுவலகத்துக்கே உரிய சொற்கள் அதில் நிறைய இருந்தன. எந்தப் பொது விதிக்கும் அவை தெரிய வழியில்லை.

நாலாவது ஆண்டில் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். "மேடம், பில் அனுப்பி இரண்டு வாரம் ஆகிவிட்டது என்கிறார்கள், எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை." ஸ்பாம் பெட்டியில் ஏழு பில்கள் இருந்தன. ஒன்றின் தலைப்பகுதி இது:

```
X-Spam-Status: Yes, score=5.6 required=5.0
 tests=BAYES_99=3.5,BAYES_999=0.2,HTML_MESSAGE=0.001,
 MIME_HTML_ONLY=0.1,LOCAL_PAY_SUBJ=1.8
```

`BAYES_` என்று தொடங்கும் இரண்டும் மாடல் தந்தவை, சேர்த்தால் 3.7. அதை எடுத்துவிட்டால் மிச்சம் 1.9. ஆகவே குற்றவாளி மாடல்தான். ஆனால் ஏன்? விதியாக இருந்தால் ஒரு வரியைக் காட்டலாம். இங்கே பிழை ஆயிரக்கணக்கான சொற்களின் எண்ணிக்கையில் கரைந்து கிடந்தது. `spamassassin -D bayes -t` என்று அந்த அஞ்சலை ஓட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் அது தரும் எண்ணைக் காட்டும். 0.99-ஐ ஒட்டி நின்றவை எல்லாம் அடிக்குறிப்புச் சொற்கள், ஒரு மொத்த அஞ்சல் சேவையின் இணைப்புகள், தலைப்பகுதித் துணுக்குகள். அப்போது விளங்கியது. எங்கள் ஊழியர்கள் சிலர், தாங்களே சந்தா செய்திருந்த செய்திமடல் அலுத்துப்போனதும் சந்தாவை நிறுத்தாமல் ஸ்பாம் பெட்டிக்கு இழுத்துப் போட்டுவந்தார்கள். அந்தப் பெட்டியை இரவுதோறும் மாடலுக்குப் பாடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பில்களும் அதே சேவை வழியாகத்தான் வந்தன. மாடல் தப்பாகக் கற்கவில்லை. தப்பான பாடத்தைச் சரியாகக் கற்றுவிட்டது.

அந்தச் செய்திமடல்களையும் பில்களையும் `sa-learn --ham` கொடுத்து மறுபடி கற்பித்தேன். ஏற்கெனவே ஸ்பாமாகக் கற்ற அஞ்சலை இப்படிக் கொடுத்தால் பழைய கணக்கை அதுவே கழித்துவிடும், தனியாக அழிக்க வேண்டாம். அன்றிலிருந்து இரவுப் பாடத்தை நிறுத்திவிட்டேன். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பெட்டியை நானே பார்த்து, உண்மையான ஸ்பாமை மட்டும் கொடுக்கிறேன். அரை மணி நேர வேலை. இதைச் செய்ய ஆள் இல்லாத இடத்தில் பேய்ஸை இயக்காதீர்கள் என்றே சொல்வேன். கவனிப்பில்லாத மாடலைவிட நாற்பது அசட்டு விதிகள் மேல்.

இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஒரு நிகழ்வுதான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. எங்கள் இயக்குநரின் பெயரில், வெளி முகவரியிலிருந்து, ஒரு புது ஊழியருக்கு அஞ்சல் வந்தது: "அலுவலகத்தில் இருக்கிறீர்களா? ஒரு சிறிய வேலை. பதில் எழுதுங்கள்." இணைப்பு இல்லை, கோப்பு இல்லை, பணம் என்ற சொல்லே இல்லை. பணம் கேட்பது பதில் எழுதிய பிறகுதான். மாடல் இதற்கு `BAYES_00` கொடுத்தது. அதைக் குறை சொல்ல முடியாது, இயக்குநர் தினமும் எழுதும் வரி அதுவேதான். சொற்களில் பொய் இல்லை, அனுப்பியவரில்தான் பொய். அதைப் பார்க்க விதிதான் வேண்டும்:

```
header  __BOSS_NAME  From:name =~ /DIRECTOR NAME/i
header  __OUR_ADDR   From:addr =~ /\@example\.org$/i
meta    LOCAL_FAKE_BOSS  (__BOSS_NAME && !__OUR_ADDR)
score   LOCAL_FAKE_BOSS  6.0
```

பெயர் அவருடையது, முகவரி எங்களுடையது இல்லை என்றால் 6 மதிப்பெண். போதும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொன்று உள்ளே வந்துவிட்டது. விதி பொருந்தியிருந்தது, 6.0 ஏறியிருந்தது. மாடல் 1.9-ஐக் கழித்து 4.1-இல் நிறுத்திவிட்டது. என் மாடலே மோசடிக்காரனுக்காகச் சாட்சி சொல்லியிருந்தது. மதிப்பெண்ணை 8 ஆக்கினேன், கழித்தாலும் 6.1, கோட்டுக்கு மேல். இயக்குநர் எப்போதாவது எழுதும் சொந்த முகவரியை மட்டும் விலக்கு விதியில் சேர்த்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து என் விதிகள் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தேன். யார் அனுப்பியது, எந்த வழியாக வந்தது, என்ன கோப்பைச் சுமந்து வந்தது என்று ஆம், இல்லை என்ற பதில் கிடைக்கும் விதிகளை வைத்துக்கொண்டேன்; மாடல் எவ்வளவு கழித்தாலும் கோட்டுக்குக் கீழே இறங்காத அளவுக்கு அவற்றின் மதிப்பெண்ணை உயர்த்தினேன். என்ன சொல்கிறது என்று சொற்களை நோண்டும் விதிகளை ஒவ்வொன்றாக 0.01 ஆக்கி, பொருந்துகிறதா என்று மட்டும் இரண்டு மாதம் பதிவில் கவனித்தேன். மாடல் தவறவிட்டு அவை மட்டும் பிடித்த அஞ்சல் ஒன்றுகூட இல்லை. பில்களின் மேல் 1.8 ஏற்றிய `LOCAL_PAY_SUBJ` உட்பட எல்லாவற்றையும் நீக்கினேன். நாற்பதுக்கு மேல் இருந்த பட்டியலில் இப்போது பதினொன்று இருக்கின்றன. முதல் நாள் எழுதிய இயங்கு கோப்பு விதி அவற்றில் ஒன்று.