வெஞ்சூரியா, துளைத்தட்டா?

கோப்பாயில் வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் 50 மி.மீ. குழாயில், ஓட்டத்தை அளக்க, 25 மி.மீ. ஒடுங்கிய கழுத்துள்ள வெஞ்சூரி மானியைப் பொருத்தினோம். கழுத்தில் நீர் வேகமெடுக்கும். பேணூலியின் சக்திச் சமன்பாட்டின்படி அங்கே அமுக்கம் குறையும். கழுத்துக்கு முன்னும் கழுத்திலும் பொருத்திய இரு கண்ணாடிக் குழாய்களின் நீர்மட்ட வித்தியாசம் 1 மீற்றர்.

Q = Cd·A₂·√(2gh/(1−β⁴))

Q ஓட்டம், A₂ கழுத்தின் பரப்பு, g புவியீர்ப்பு ஆர்முடுகல், h மட்ட வித்தியாசம். ஓட்டக் குணகம் Cd 0.98, கழுத்து விட்டத்துக்கும் குழாய் விட்டத்துக்கும் உள்ள விகிதம் β 0.5. செக்கனுக்கு 2.2 லீற்றர் வருகிறது.

நடுவே அதே அளவு துளையுள்ள தட்டான துளைத்தட்டு மலிவு, ஆனால் Cd 0.61 தான். அதே ஓட்டத்துக்கு வித்தியாசம் 2.6 மீற்றர், அதில் முக்கால்வாசி அமுக்கமாகத் திரும்பி வராது, பம்ப் எண்ணெய்தான் வீண். வெஞ்சூரி மெல்ல விரிவதால் இழப்பு ஏழில் ஒரு பங்குக்குள். தட்டின் கூர்விளிம்பு மழுங்கினால் ஓட்டத்தைக் குறைத்தே காட்டும். எங்கள் தெரிவு வெஞ்சூரிதான்.

சரி, எதுவானாலும் பம்பை நிறுத்திப் பாருங்கள்: மட்டங்கள் சமப்படாவிட்டால் கண்ணாடிக் குழாயில் காற்றுக்குமிழி.